லீவு கிடைத்துவிட்டது, சம்பளம் எவ்வளவு வரும்? தந்தைமை, தத்தெடுப்பு விடுப்பின் பணக் கணக்கு

சம்பளப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் என் மேசைக்கு அடிக்கடி வந்த கேள்வி ஒன்று உண்டு. குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். தூக்கமில்லாத கண்ணோடு ஒருவர் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். "லீவு அப்ரூவ் ஆயிடுச்சே, மெயில் கூட இருக்கு. அப்புறம் ஏன் இவ்வளவு குறைஞ்சிருக்கு?" மெயிலைத் திறந்து பார்த்தால் அதில் நான்கு வாரம் விடுப்பு அனுமதிக்கப்பட்டது என்று மட்டும்தான் இருக்கும். சம்பளத்தைப் பற்றி ஒரு சொல் இருக்காது. அவரும் கேட்டிருக்க மாட்டார், நாங்களும் சொல்லியிருக்க மாட்டோம்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு விஷயத்துக்குத்தான்: விடுப்பில் போவதற்கு முன்பே, கைக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் கணக்கின் எலும்புக்கூடு பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் ஊர் எண்களை அதில் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரியுங்கள்

வேலையை விட்டு விலகி இருக்கும் உரிமை ஒன்று. விலகி இருக்கும் நாட்களுக்குப் பணம் பெறும் உரிமை வேறொன்று. இரண்டுக்கும் தகுதி விதிகள் தனித்தனி. ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போவது வெகு சாதாரணம்.

அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் இதற்குத் தெளிவான உதாரணம். ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஓராண்டு பணியும் 1,250 மணி நேர வேலையும் முடித்தவருக்கு, குழந்தை பிறந்தாலும் தத்தெடுத்தாலும் 12 வாரம் விடுப்பு உண்டு. வேலை போகாது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் சம்பளம் ஒரு காசு கூட இல்லை. பணம் வேண்டுமென்றால் மாநிலத் திட்டமோ நிறுவனத்தின் சொந்தக் கொள்கையோதான் கதி.

பிரிட்டனில் வேறு மாதிரி. 2026 ஏப்ரல் முதல் தந்தைமை விடுப்பு எடுக்க வேலையில் சேர்ந்த முதல் நாளே உரிமை வந்துவிடுகிறது. ஆனால் அதற்கான சட்டப்படியான ஊதியத்துக்கு 26 வாரத் தொடர் பணி வேண்டும் என்ற பழைய நிபந்தனை அப்படியே நிற்கிறது. புது வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆன ஒருவர் சந்தோஷமாக இரண்டு வாரம் லீவு எடுக்கலாம், அது சட்டப்படி செல்லும், ஆனால் நிறுவனம் மனம் வைத்தால் ஒழிய சம்பளம் வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறையும் இதே வழிதான்: தந்தைக்குக் குறைந்தது 10 வேலை நாள் விடுப்பு கொடுக்கப் பணிக்கால நிபந்தனை போடக்கூடாது, ஆனால் பணத்துக்கு ஆறு மாதம் வரை நிபந்தனை போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே மனிதவளத் துறைக்கு எழுதும்போது "எனக்கு லீவு உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை நாள் விடுப்பு, அதில் எத்தனை நாளுக்குச் சம்பளம், எந்த விகிதத்தில்?" என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.

நாளைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 2023 முதல் தந்தைக்கு ஏழு நாள். ஆனால் அது தொடர்ச்சியான ஏழு நாள், வார விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் அதற்குள் அடக்கம். ஐரோப்பிய நெறிமுறையின் பத்து நாள் வேலை நாள். பத்துக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று நாள் என்று நினைப்போம், உண்மையில் ஒன்று ஒரு வாரம், மற்றது இரண்டு வாரம்.

பணம் யார் கையிலிருந்து வருகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் கணக்கில் இறங்கவே முடியாது. மூன்று ஏற்பாடுகள் உண்டு.

முதல் வகையில் முழுச் செலவும் முதலாளியுடையது. மலேசியத் தந்தைமை விடுப்பு அப்படித்தான். இந்திய மத்திய அரசு ஊழியர்களுக்கான 15 நாள் விடுப்பும் அப்படித்தான், அங்கே அரசே முதலாளி. விடுப்புக்குப் போவதற்கு முன் வாங்கிய அதே சம்பளம் தொடரும், சொந்த விடுப்புக் கணக்கிலிருந்தும் கழிக்க மாட்டார்கள். கணக்கு மிக எளிது. ஆனால் தனியார் துறையில் இந்த வகையில் ஒரு சிக்கல் உண்டு. செலவு முழுவதும் தன் தலையில் என்பதால் சிறிய நிறுவனங்கள் இழுத்தடிக்கும், "இந்த மாதம் வேண்டாமே" என்று பேசிப் பார்க்கும்.

இரண்டாம் வகையில் காப்பீட்டுத் திட்டம் நேராக உங்கள் கணக்கில் போடும். கனடாவின் வேலை காப்பீடு இப்படி. தத்தெடுத்த பெற்றோரும் அங்கே பெற்றோர் உதவித்தொகையைத்தான் வாங்குகிறார்கள். சாதாரண விகிதம் சராசரி வார வருமானத்தில் 55 சதவீதம், அதற்கும் மேலே ஓர் உச்சவரம்பு. இந்த வகையில் நிறுவனத்தின் மெயிலில் ஓகே வந்துவிட்டது என்று சும்மா இருந்தால் பணம் வராது. திட்டத்துக்குத் தனியாக நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனம் கொடுக்கும் வேலைப் பதிவு ஆவணம் போய்ச் சேர்ந்தால்தான் கோப்பு நகரும். தொடக்கத்தில் காசு வராத ஒரு காத்திருப்பு வாரமும் உண்டு. முதல் தவணை கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு கையிருப்பைத் திட்டமிடுங்கள்.

மூன்றாம் வகையில் முதலாளி முதலில் கொடுத்துவிட்டு அரசிடம் திரும்ப வாங்கிக்கொள்கிறார். சிங்கப்பூரின் அரசு ஊதியத் தந்தைமை விடுப்பு இது, 2025 ஏப்ரல் முதல் நான்கு வாரம். வாரத்துக்கு 2,500 சிங்கப்பூர் வெள்ளி வரைதான் அரசு ஈடுகட்டும். பிரிட்டனும் இந்த வகைதான்: பெரிய நிறுவனம் சட்டப்படி கொடுத்ததில் 92 சதவீதத்தைத் திரும்பப் பெறும். சிறிய நிறுவனம் கொடுத்ததைவிடச் சற்றுக் கூடவே பெறும்.

இந்த மூன்றாம் வகையில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. சிறிய நிறுவனத்தின் உரிமையாளர் பலருக்கு இந்தப் பணம் திரும்பி வரும் என்பதே தெரியாது. நான் பார்த்த ஓர் இடத்தில் ஆறு பேர்தான் ஊழியர்கள். முதலாளி நல்ல மனிதர், ஆனால் முகம் சுண்டிப்போய் "என்னால் முடியாதப்பா" என்றார். திரும்பக் கோரும் படிவத்தைக் காட்டியதும் பேச்சே மாறிவிட்டது. உரிமையைப் பற்றி வாதாடுவதைவிட, இது உங்கள் பணம் அல்ல என்று காட்டுவது பல நேரம் வேலையைச் சுலபமாக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கதிரவன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், எண்களும் எளிமைக்காக நானே வைத்தவை. நாணயம் எதுவானாலும் சரி. மாதச் சம்பளம் 52,000. அதில் அடிப்படைச் சம்பளம் 39,000, மீதி 13,000 படிகள். நான்கு வாரம் தந்தைமை விடுப்பு எடுக்கிறார்.

பொதுத் திட்டங்கள் வாரக் கணக்கில் யோசிக்கும், நாம் மாதக் கணக்கில் யோசிப்போம். முதல் தடுமாற்றமே இங்கேதான். மாதச் சம்பளத்தை நாலால் வகுக்கக் கூடாது. ஆண்டுக்கு 52 வாரம், ஆகவே 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுக்க வேண்டும். கதிரவனுக்கு வாரம் 12,000 வருகிறது. நாலால் வகுத்திருந்தால் 13,000 என்று வந்திருக்கும். அந்த ஆயிரம் எங்கே போனது என்று யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை, அது இருந்ததே இல்லை.

திட்டம் சராசரி வருமானத்தில் 70 சதவீதம் தருகிறது, ஆனால் வாரத்துக்கு 7,500-க்கு மேல் தராது என்று வைப்போம். 12,000-இல் 70 சதவீதம் 8,400. உச்சவரம்பு குறுக்கே நிற்கிறது, ஆகவே 7,500. விளம்பரத்தில் 70 சதவீதம் என்று படித்தவருக்கு உண்மையில் கிடைப்பது 62.5 சதவீதம். சம்பளம் கூடக் கூட இந்த இடைவெளி பெரிதாகும். சராசரிக்கு மேல் சம்பாதிப்பவர்கள் சதவீதத்தைப் பார்க்காமல் உச்சவரம்பை முதலில் பார்ப்பது நல்லது.

நிறுவனத்தின் கொள்கையில் "முதல் இரண்டு வாரம் முழுச் சம்பளம்" என்று இருக்கிறது. பொதுவாக இதன் அர்த்தம், திட்டம் கொடுப்பதற்கு மேல் குறைகிறதை நிறுவனம் நிரப்பும் என்பது. 7,500-க்கு மேல் 4,500 போட்டு 12,000 ஆக்குவார்கள். திட்டத்தின் 7,500-உம் நிறுவனத்தின் 12,000-உம் சேர்த்து வாங்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

ஆக நான்கு வாரத்துக்கு:

முதல் இரண்டு வாரம் 12,000 வீதம் 24,000.
அடுத்த இரண்டு வாரம் 7,500 வீதம் 15,000.
மொத்தம் 39,000.

வேலைக்குப் போயிருந்தால் 48,000. வித்தியாசம் 9,000. இதுதான் கதிரவன் முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டிய தொகை. இது வரி பிடிப்பதற்கு முந்தைய கணக்கு. பல நாடுகளில் இந்தத் தொகைக்கும் வரி உண்டு. திட்டம் நேராகக் கொடுக்கும் பணத்தில் வரியைக் குறைவாகப் பிடித்துவிட்டு, ஆண்டு முடிவில் மீதியைக் கட்டச் சொல்வதும் நடக்கும்.

இப்போது இந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்று பார்க்கலாம். இரண்டு இடம்.

ஒன்று, "முழுச் சம்பளம்" என்ற சொல். கொள்கையின் வரையறைப் பகுதியைப் புரட்டினால் சில நிறுவனங்களில் அது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் குறிக்கும். கதிரவனின் அடிப்படைச் சம்பளம் வாரக் கணக்கில் 9,000. அப்படியானால் நிறுவனம் போடுவது வாரத்துக்கு 1,500 மட்டும். மொத்தம் 39,000 இல்லை, 33,000. ஒரே சொல்லில் 6,000 போய்விட்டது. ஷிப்ட் படி, கமிஷன், ஓவர்டைம் இவற்றை நம்பி வாழ்பவர்களுக்கு இந்த அடி இன்னும் பலமாக விழும்.

இரண்டாவது, சராசரி எடுக்கும் காலம். திட்டம் உங்கள் இப்போதைய சம்பளத்தைப் பார்ப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முந்தைய சில வாரங்களில் உண்மையில் கைக்கு வந்த பணத்தைப் பார்க்கிறது. பிரிட்டனில் அது சுமார் எட்டு வாரம். கதிரவன் அந்த எட்டு வாரத்துக்குள் இரண்டு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துவிட்டார் என்று வைப்போம். மனைவிக்கு உடம்பு சரியில்லை, வேறு வழியில்லை. ஆறு வாரச் சம்பளம் 72,000, அதை எட்டால் வகுத்தால் சராசரி 9,000. அதில் 70 சதவீதம் 6,300. உச்சவரம்பு வரை போகவே இல்லை. நிறுவனம் நிரப்பாத கடைசி இரண்டு வாரத்தில் மட்டும் வாரத்துக்கு 1,200 வீதம் 2,400 நட்டம்.

எல்லாத் திட்டமும் இவ்வளவு கடுமையில்லை. கனடாவில் குறிப்பிட்ட காலத்துக்குள் அதிகம் சம்பாதித்த வாரங்களைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், ஆகவே இரண்டு வாரம் காலியாக இருந்தாலும் பெரிய பாதகமில்லை. உங்கள் திட்டம் எந்த வாரங்களைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்த வாரங்களில் சம்பளமில்லா விடுப்பைத் தவிர்க்க முடியுமா என்று பாருங்கள். வருட விடுப்பு மிச்சம் இருந்தால் அங்கே செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம். போனஸோ பழைய பாக்கியோ அந்த வாரங்களுக்குள் வந்தால் சராசரி ஏறும், அதுவும் நடக்கும்.

தத்தெடுப்பில் எந்தத் தேதி?

பிறப்புக்கு ஓர் எதிர்பார்க்கும் தேதி இருக்கும். மருத்துவர் எழுதிக்கொடுத்துவிடுவார், எல்லாக் கணக்கும் அதிலிருந்து ஓடும். தத்தெடுப்பில் தேதிகள் பல. குழந்தை உங்களுக்கு என்று பொருத்தித் தகவல் வந்த நாள் ஒன்று. குழந்தை வீட்டுக்கு வந்த நாள் ஒன்று. நீதிமன்றமோ அதிகாரியோ தத்து ஆணை பிறப்பித்த நாள் மற்றொன்று. குழந்தை வந்து பல வாரங்கள் கழித்தே ஆணை வருவது வழக்கம்.

திட்டம் எந்தத் தேதியைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. பிரிட்டனில் தகுதியும் சராசரி வருமானமும் பொருத்தத் தகவல் வந்த வாரத்தை வைத்து முடிவாகிறது, ஆனால் விடுப்பு தொடங்குவது குழந்தை வரும் நாளை ஒட்டி. நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டிய கெடு பொருத்தத் தகவல் வந்த ஏழு நாளுக்குள். அதாவது குழந்தையின் புகைப்படத்தைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும் அதே வாரத்தில் மனிதவளத் துறைக்கு மெயிலும் போக வேண்டும். இந்தியாவில் தத்தெடுத்த தாய்க்கான 12 வாரப் பலனை 2017-இல் கொண்டுவந்த திருத்தம், குழந்தையைக் கையில் ஒப்படைத்த நாளிலிருந்து எண்ணச் சொன்னது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், ஆணை வரட்டும் என்று காத்திருந்து பிறகு விண்ணப்பிக்கிறவர்கள் நிறையப் பேர். "பேப்பர் எல்லாம் கையில் வந்தப்புறம் கொடுக்கலாம்" என்று நினைப்பது இயல்புதான். அதற்குள் அறிவிப்புக் கெடு போய்விடும், குழந்தை வீட்டுக்கு வந்த முதல் வாரங்கள் சொந்த விடுப்பில் கரைந்துவிடும். பொருத்தத் தகவல் வந்த கடிதத்தையே ஆதாரமாக வைத்து உடனே எழுதுங்கள். ஆணையைப் பிறகு அனுப்பலாம்.

அடுத்தது, தம்பதியில் யார் எதை எடுப்பது. பல திட்டங்களில் தத்தெடுப்பு விடுப்பு ஒருவருக்குத்தான், மற்றவர் தந்தைமை விடுப்பை எடுக்க வேண்டும். பெயர் தந்தைமை என்றாலும் பிரிட்டன் போன்ற இடங்களில் அதை எடுப்பவர் பெண்ணாகவும் இருக்கலாம். முதன்மைப் பெற்றோர் யார் என்று தேர்வு செய்யும் சுதந்திரம் இருந்தால், இரண்டு பேருடைய நிறுவனக் கொள்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சம்பளம் அதிகமுள்ளவர் வேலையில் இருக்கட்டும் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவோம். ஆனால் அவருடைய நிறுவனம் ஆறு மாதம் முழுச் சம்பளம் கொடுக்கும், மற்றவருடையது குறைந்தபட்சம் மட்டும் கொடுக்கும் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும்.

நீண்ட தத்தெடுப்பு விடுப்பில் இன்னொரு கண்கட்டு உண்டு. "39 வாரம் ஊதியத்துடன்" என்று போட்டிருப்பார்கள். பிரிட்டன் பாணியில் முதல் 6 வாரம் 90 சதவீதம், பிறகு 33 வாரம் ஒரு சிறிய நிலையான தொகை. வாரம் 10,000 வாங்குபவர், நிலையான தொகை 2,500 என்று வைத்துப் பாருங்கள். ஆறு வாரத்துக்கு 54,000, முப்பத்து மூன்று வாரத்துக்கு 82,500. மொத்தம் 1,36,500. 39 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 3,500, சம்பளத்தில் 35 சதவீதம். ஊதியத்துடன் என்பது உண்மைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் ஏழாவது வாரத்தில் வருமானம் ஒரே நாளில் ஒன்பதாயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு விழும். வீட்டுக் கடன் தவணை போகிற வீட்டில் அந்த ஏழாவது வாரத்தைத்தான் நாள்காட்டியில் வட்டமிட வேண்டும்.

விதிவிலக்குகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். வயது வரம்பு பல இடங்களில் உண்டு. இந்திய மத்திய அரசின் பெண் ஊழியருக்கான 180 நாள் தத்தெடுப்பு விடுப்பு விதி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்று எழுதப்பட்டது. துணையின் முந்தைய திருமணக் குழந்தையைத் தத்தெடுத்தால் பிரிட்டனில் இந்த விடுப்பு இல்லை, குழந்தை ஏற்கனவே வீட்டில் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் சட்டத்தில் வயது வரம்பு இருந்து நிறுவனக் கொள்கையில் இல்லையென்றால், கொள்கையின் பெயரில் கேளுங்கள். கொள்கை சட்டத்தைவிடத் தாராளமாக இருப்பதை யாரும் தடுக்கவில்லை.

ஒரு விஷயம் யாரும் பேச விரும்ப மாட்டார்கள். தத்தெடுப்பு சில நேரம் நடுவில் முறிந்துவிடும், குழந்தை திரும்பிப் போய்விடும். அப்போது விடுப்பு அன்றே முடியுமா? பிரிட்டனில் அதற்குப் பிறகும் எட்டு வாரம் வரை விடுப்பும் ஊதியமும் தொடர முடியும். உங்கள் இடத்தில் என்ன என்று கொள்கையில் ஒரு வரி தேடி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் இருக்கும்போது தேட முடியாது.

எழுதிக் கேட்க வேண்டியது

வாய்மொழி உத்தரவாதத்துக்கு இந்த விஷயத்தில் மதிப்பில்லை. மேலாளர் "பார்த்துக்கலாம் விடுப்பா" என்பார், அவரே அடுத்த மாதம் வேறு பிரிவுக்குப் போய்விடுவார். கீழே இருப்பது போல ஒரு மெயில் போதும்:

> வணக்கம். எங்களுக்குக் குழந்தை (பிறப்பு / தத்தெடுப்பு) வழியாக வருகிறது. எதிர்பார்க்கும் தேதி / பொருத்தத் தகவல் வந்த தேதி: ______. ______ முதல் ______ வரை விடுப்பு எடுக்க விரும்புகிறேன். கீழ்க்கண்டவற்றைத் தயவுசெய்து எழுத்தில் தெரிவிக்கவும்.
>
> இந்தக் காலத்தில் எத்தனை வாரத்துக்கு எவ்வளவு சம்பளம் வரும், அதில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, பொதுத் திட்டத்தின் பங்கு எவ்வளவு? சராசரி வருமானம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எடுக்கப்படும்? "முழுச் சம்பளம்" என்பதில் படிகளும் கமிஷனும் அடங்குமா? வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு இவை தொடருமா, என் பங்கு எப்படிப் பிடிக்கப்படும்? திரும்ப வேலைக்கு வராவிட்டால் ஏதேனும் தொகையைத் திருப்பித் தர வேண்டுமா?

கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குவார்கள், வேலையை விடப் போகிறோம் என்று நினைத்துக்கொள்வார்களோ என்று. கேளுங்கள். நிறுவனம் தன் விருப்பத்தில் கூடுதலாகக் கொடுத்த பணத்தை, நீங்கள் திரும்பி வந்து குறிப்பிட்ட மாதங்கள் வேலை செய்யாவிட்டால் திருப்பிக் கேட்கும் நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. சட்டப்படியான அடிப்படைத் தொகைக்கு அது பொதுவாகப் பொருந்தாது. அதனால்தான் இரண்டு பங்கையும் பிரித்து எழுதச் சொல்கிறோம். கதிரவனின் கணக்கில் திருப்பிக் கேட்கக்கூடியது இரண்டு வாரத்து 4,500, ஆக 9,000 மட்டும். 39,000 முழுவதும் அல்ல.

வைப்பு நிதிக் கேள்வியும் சும்மா இல்லை. சம்பளம் குறைந்தால் அதன் சதவீதமாகக் கட்டும் தொகையும் குறையும். காப்பீட்டு பிரீமியத்துக்கு உங்கள் பங்கு மாதாமாதம் ஒரே தொகையாக இருந்தால், சம்பளமே இல்லாத மாதத்தில் அதைப் பிடிக்க இடமிருக்காது. அப்போது இரண்டு மூன்று மாதத் தொகையைச் சேர்த்துத் திரும்பி வந்த முதல் மாதத்தில் ஒரேயடியாகப் பிடித்துவிடுவார்கள். நான் பார்த்த சம்பளச் சீட்டுச் சண்டைகளில் பாதி இந்தக் காரணத்தால்தான்.

சீட்டு வந்ததும்

விடுப்புக் காலத்தின் முதல் சம்பளச் சீட்டை வந்த அன்றே பாருங்கள். விடுப்பு ஊதியம் தனி வரியாக வந்திருக்க வேண்டும். அது இல்லாமல் "சம்பளமில்லா நாட்கள்" என்ற வரியில் ஓர் எண் இருந்தால், உங்கள் விடுப்பு வகையைத் தவறாகப் பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். அல்லது வருட விடுப்பு இருப்பு திடீரென்று குறைந்திருக்கும், நான்கு வாரத்தையும் அங்கிருந்து கழித்திருப்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் எந்திரத்தில் தவறான குறியீட்டைத் தட்டியதால் வருவது, கெட்ட எண்ணம் இல்லை. அந்த மாதச் சம்பளக் கணக்கு முடிவதற்குள் சொன்னால் அடுத்த சீட்டில் பாக்கியாக வந்துவிடும்.

எண் மட்டும் இடிக்கிறது என்றால் சராசரிக் கணக்கைக் கேளுங்கள்: எந்த வாரங்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு, எதனால் வகுத்தார்கள். வங்கிக் கணக்கில் அந்த வாரங்களில் வந்த தொகையை எடுத்து, பிடித்தங்களைத் திரும்பக் கூட்டிப் பக்கத்தில் வையுங்கள். தவறு இருந்தால் அங்கே தெரிந்துவிடும். நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லையென்றால், ஏன் கொடுக்கவில்லை அல்லது ஏன் இவ்வளவுதான் என்று காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தொழிலாளர் அலுவலகத்துக்கோ திட்டத்தின் மேல்முறையீட்டுக்கோ போகும்போது அவர்கள் முதலில் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு, அது பல இடங்களில் வாரக் கணக்கில்தான் இருக்கும். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி, கொஞ்சம் நிதானமானதும் பார்க்கலாம் என்று வைத்தால் பெரும்பாலும் தாண்டிப் போயிருக்கும்.